இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் செய்தது என்ன?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருவர் அங்கே ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமில் அவர் எழுதியது: "செக்கிங் பிரிவில் பயிற்சி பெற்றேன். தரக் கட்டுப்பாடு பற்றித் தெரிந்துகொண்டேன்." ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கூட இதையே எழுதலாம்.

உண்மையில் அவர் செய்தது வேறு. டீ-ஷர்ட் லைனில் ஒரு வாரத்தில் செக் செய்த 1,500 பீஸ்களில் 180 குறைகள் இருந்தன. அதுவரை மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்துவந்த ரிஜிஸ்டருக்குப் பதிலாக, எந்தத் தையலில் எத்தனை குறை என்று பிரித்து எழுத ஒரு தாள் தயாரித்தார். 84 குறைகள் அடிமடிப்பில் மட்டும் வந்தது அப்போதுதான் தெரிந்தது. மெக்கானிக் அந்த மெஷினில் ஊசியை மாற்றினார். கடைசி வாரம் அதே 1,500 பீஸ்களில் குறை 120 ஆனது. அதாவது, 100 பீஸுக்கு 12 ஆக இருந்தது 8 ஆகக் குறைந்தது.

இதை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது? முதலில் வினைச்சொல். 'பயிற்சி பெற்றேன்', 'உதவினேன்', 'பொறுப்பில் இருந்தேன்' என்பவை செயலைக் காட்டுவதில்லை. 'தயாரித்தேன்', 'பிரித்துப் பதிந்தேன்', 'கண்டறிந்தேன்' என்பவை காட்டும். ஆங்கில ரெஸ்யூமில் 'ஐ' போடாமல், இறந்தகால வினையிலேயே வரி தொடங்கும்: டிசைண்டு, ரெக்கார்டட், ஐடென்டிஃபைடு.

அடுத்து, எதைச் செய்தோம், என்ன விளைந்தது என்பவை. "குறைகளைத் தையல் வாரியாகப் பதியும் தாளைத் தயாரித்து, 180 குறைகளில் 84 அடிமடிப்பில் வருவதைக் கண்டறிந்தேன், ஊசி மாற்றப்பட்டபின் 100 பீஸுக்கு 12 ஆக இருந்த குறை 8 ஆனது."

ஊசி 'மாற்றப்பட்டபின்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மாற்றியது மெக்கானிக், மாணவியின் பங்கு கண்டறிந்தது. "குறைகளை 33 சதவீதம் குறைத்தேன்" என்றால் கணக்கு சரிதான், ஆனால் மெக்கானிக்கின் வேலையும் இவர் பெயரில் ஏறிவிடும். "எப்படிக் குறைத்தீர்கள்? இரண்டு வாரமும் ஒரே ஸ்டைல்தான் ஓடியதா?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஸ்டைல் மாறியிருந்தால் அந்த ஒப்பீடே செல்லாது. அப்போது 84 வரையுள்ள பகுதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதே நேர்மை.

எல்லா வேலையிலும் முன்-பின் கணக்கு கிடைக்காது. அப்போது வேலையின் அளவைச் சொல்லலாம்: எத்தனை பீஸ், எத்தனை லைன், எத்தனை நாளுக்கு ஒருமுறை. தயாரித்த தாளை நீங்கள் கிளம்பும்போதும் சூப்பர்வைசர் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு விளைவுதான்.

இந்த எண்கள் எல்லாம் கம்பெனியின் ரிஜிஸ்டரில் இருக்கின்றன. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தப்பாகும். வேலை தொடங்கும் முன் இருந்த நிலையை முதல் வாரத்திலேயே குறித்து வையுங்கள். எந்த எண்ணை வெளியே சொல்லலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்த பையரின் பெயரும் விலையும் ரெஸ்யூமில் வரக் கூடாது.