காய்ச்சல் போன பிறகும் கிருமி இருக்கும்

“டாக்டர், மூணு நாளா மாத்திரை போடுறான். இன்னும் 102 அடிக்குதே? மருந்தை மாத்திடலாமா?”

டைபாய்டு வந்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழும். அனுபவமுள்ள மருத்துவர் உடனே மருந்தை மாற்ற மாட்டார். “நேத்து சாயங்காலம் எவ்வளவு இருந்துச்சும்மா? முந்தாநாள்?” என்று திருப்பிக் கேட்பார். அவருக்கு வேண்டியது இன்றைய எண் மட்டுமல்ல, எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதும்தான்.

கல்லூரியில் படிக்கும் இருபது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல், தலைவலி, பசியின்மை. டைபாய்டு பெரும்பாலும் தடாலடியாக வராது; நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஐந்தாம் நாள் 103-ஐத் தொட்டதும் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் மாத்திரை தொடங்கும் முன்பே பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறார். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று காட்டும் சோதனை இது. ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி சிக்காமலே போகலாம். விடால் டெஸ்ட்டை மட்டும் நம்ப முடியாது. முன்பு எப்போதோ வந்த டைபாய்டு, வேறு காய்ச்சல்கள்கூட அதை ‘பாசிட்டிவ்’ ஆக்கும்.

பையன் தண்ணீர் குடிக்கிறான், வாந்தி இல்லை, கூடவே இருந்து பார்க்க ஆள் உண்டு. அதனால் வீட்டிலேயே சிகிச்சை. அசித்ரோமைசின் 7 நாள். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அம்மா ஒரு நோட்டில் சாயங்கால வெப்பநிலையைக் குறிக்கிறார்: 103.6, 103.4, 102.6, 101.8, 100.6, 99.2. மேலே உள்ள கேள்வியை அவர் கேட்டது 102.6 வந்த மூன்றாம் நாள். அன்றைக்குக் காய்ச்சல் போகவில்லைதான். ஆனால் உச்சம் ஒரு டிகிரி இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டு காய்ச்சல் தணிய சராசரியாக 4 முதல் 6 நாள் ஆகும். சிலருக்கு ஒரு வாரம். கிருமி நம் உடலின் செல்களுக்கு உள்ளேயே பதுங்கி வாழ்வதால் வந்த தாமதம் இது. மருந்தே இல்லாமல் விட்டால் மூன்று, நான்கு வாரம் இழுக்கும். மாறாக, நான்கைந்து நாள் மாத்திரை போட்டும் உச்சம் கொஞ்சமும் இறங்கவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். நம் ஊர்களில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பழைய மருந்துகள் அப்படித்தான் பயனிழந்தன. அல்லது நோயே வேறாக இருக்கலாம். கல்ச்சர் ரிப்போர்ட் கைகொடுப்பது அங்கேதான்.

வெப்பநிலையை எப்போதும் பாராசிட்டமால் போடும் முன்பு பார்க்க வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்தில் பார்த்தால் மாத்திரை இறக்கிய எண்தான் தெரியும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும், ரத்தக்கசிவு வரலாம். சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், நன்றாக வெந்த முட்டை என்று பசிக்கு ஏற்பக் கொடுக்கலாம்.

ஆபத்தான குடல் சிக்கல்கள் பெரும்பாலும் காய்ச்சலின் இரண்டாம் வாரக் கடைசியிலும் மூன்றாம் வாரத்திலும் வரும். கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம் போவது, வயிறு உப்பிக் கல்லாக இறுகி வலிப்பது, பேச்சு குழறி உளறுவது, குடிப்பதெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று ஏமாற்றும். காய்ச்சல் திடீரென்று சரேலென இறங்கி, உடம்பு குளிர்ந்து வியர்த்து, நாடி வேகமாக அடித்தால் அது குணமல்ல. உள்ளே ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம்.

நம் பையனுக்கு ஆறாம் நாளில் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் மாத்திரையை ‘இனி எதுக்கு?’ என்று நிறுத்தும் வீடுகள் உண்டு. எலும்பு மஜ்ஜையிலும் பித்தப்பையிலும் ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிகளுக்கு அது வழி விடுவதாகும். முழுசாகப் போட்டவர்களுக்கும் சிலருக்கு நோய் திரும்பும். அது பொதுவாகச் சிகிச்சை முடிந்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வரும். பெரும்பாலும் முதல் தடவையைவிட லேசாக இருக்கும். அந்த மூன்று வாரமும் உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் 99 காட்டுவதும், மாடி ஏறினால் களைப்பதும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் நோய் திரும்பியதன் அடையாளமல்ல. 100.4-க்கு மேல் காய்ச்சல் மறுபடி ஏறினால் மருத்துவரிடம் போய் கல்ச்சரை மீண்டும் எடுக்க வேண்டும். விடால் குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். அதை வைத்து மறுபடி ஆன்டிபயாடிக் தொடங்குவது வீண்.

பையனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இருக்கும்போதே தங்கைக்கும் உடம்பு சுடத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ‘அண்ணன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு’ என்பார்கள். ஆனால் கிருமி வயிற்றுக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்பட வழக்கமாக 8 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட. ஆக, இருவருக்கும் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கும். சாக்கடையை ஒட்டி ஓடும் குடிநீர்க் குழாய், மூடாத சம்ப், கேன் தண்ணீர், வெளியில் வாங்கிச் சாப்பிட்ட சட்னி என்று தேட வேண்டும். அதுவரை வீட்டில் எல்லோருக்கும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடி வைத்து, குழாய் உள்ள பாத்திரத்தில் பிடித்துக் குடிக்கலாம். கையை விட்டு டம்ளரால் முகக்கக் கூடாது.

நோயாளியிடமிருந்து பிறருக்கு இந்த நோய் இருமலாலோ தொட்டு உட்காருவதாலோ பரவுவதில்லை. மலத்தில் வெளியேறும் கிருமி கை வழியாகச் சாப்பாட்டுக்குப் போகிறது. அதனால் தனி அறையைவிடக் கழிவறைச் சோப்பு முக்கியம். நோயாளியும் அவரது துணியை அலசுபவரும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிவறை மக், குழாய்த் திருகு, ஃபிளஷ் பிடி இவற்றை நாள்தோறும் ப்ளீச்சிங் கரைசலால் துடைக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் கிருமி வெளியேறலாம். அதுவரை அவர் பிறருக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம். ஹோட்டலிலோ கேட்டரிங்கிலோ வேலை செய்பவர் என்றால், மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும். சிறு விகிதத்தினர் ஓராண்டுக்கு மேலும் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பார்கள். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

நன்றாக இருக்கும் மற்றவர்களுக்கு ‘முன்னெச்சரிக்கையாக’ ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். கான்ஜுகேட் தடுப்பூசி ஒரே ஊசி. ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடலாம். ஏற்கெனவே உள்ளே போன கிருமியை அது தடுக்காது, அடுத்த முறைக்கான கவசம் அது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் டைபாய்டு வந்தவர் வீட்டில் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனை மாத்திரைக்கு முன்பே நடக்க அது உதவும்.