ஏசி கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டால், "கேஸ் தீர்ந்துடுச்சு சார், நிரப்பிடலாம்" என்பார் மெக்கானிக். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் தவறு. கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

"கேஸ் குறைஞ்சிருக்கு, எங்கயோ லீக். அதை அடைக்காம நிரப்பினா மறுபடி இறங்கிடும்" என்பதும் அதே அளவு எளிய பேச்சுதான். எதற்குப் பணம் தருகிறோம் என்பதும் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும்.

உள்யூனிட் காயிலில் பனி படிந்திருந்தால் அவசரப்படக் கூடாது. கேஸ் குறைந்தாலும் பனி படியும்; ஃபில்டரில் தூசி அடைத்தாலும் படியும். "முதல்ல ஃபில்டரைக் கழுவிப் பார்க்கிறேன். அப்புறமும் பனி பிடிச்சா லீக் தேடணும்" என்பதே நேர்மையான பதில்.

லீக்கைக் கண்ணாலேயே காட்டலாம். நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். வீட்டுக்காரரை அருகே அழைத்துக் காட்டுங்கள். மிகச் சிறிய கசிவு என்றால் குமிழி உடனே தெரியாது; அழுத்தம் இறங்குகிறதா என்று சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.