விற்பனை ஏஜெண்டுக்குக் கமிஷன் ஏற்பாடு

வெல்லம் காய்ச்சும் விவசாயி ஒருவர், வெளியூர்க் கடைகளில் அதனை விற்றுத்தர ஏஜெண்டை அமர்த்த விரும்பின், மூன்று விஷயங்களை முன்னரே கடிதத்தில் எழுதியனுப்புதல் நலம்.

முதலாவது, கமிஷன் வீதம். வண்டிச்சத்தம் நீங்கலாக, சரக்கின் விலைக்கு மட்டும் நூற்றுக்கு 5 எனக் குறிக்கலாம்.

இரண்டாவது, கொடுக்குங் காலம். ஆர்டர் கிடைத்தவுடனே கமிஷனைக் கொடுத்துவிட்டால், கடையின் பாக்கியைப் பற்றி ஏஜெண்டுக்குக் கவலையிராது. ஆதலின் வசூலான தொகைக்கு மட்டும், அடுத்த மாதம் 10-ந் தேதிக்குள் கொடுப்பதென வரையறுக்க வேண்டும். 40,000 ரூபாய்ச் சரக்கில் 30,000 வசூலாயின், அப்போது சேரவேண்டியது 1,500 ரூபாய். எஞ்சிய 500, பாக்கி வந்த பின்னரே.

மூன்றாவது, எல்லை. மதுரை நகரம் எனக் குறித்து, விவசாயியிடம் நேரே வாங்கிவரும் பழைய கடைகளைப் பெயர் சொல்லி விலக்கவேண்டும். இன்றேல் அவற்றின் கொள்முதலுக்கும் கமிஷன் கேட்கும் வழக்கு எழும்.