கன்வேயர் இயக்கத்தில் ஹைட்ராலிக் மோட்டாரின் வேகமும் முறுக்குவிசையும்

அழுத்தப்பட்ட எண்ணெயால் சுழன்று, இணைக்கப்பட்ட தண்டைத் திருப்பும் கருவி ஹைட்ராலிக் மோட்டார் எனப்படும். கல்குவாரிகளில் இடம் மாற்றி நிறுத்தப்படும் ஜல்லி உடைப்பு இயந்திரங்களில், கன்வேயர் பெல்ட்டை இழுக்கும் தலைமை உருளையின் தண்டிலேயே இம்மோட்டாரை நேராகப் பொருத்துவதுண்டு. கியர் பெட்டி தேவைப்படாது. டீசல் எஞ்சின் ஓட்டும் ஒரே பம்பு அமைப்பிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் கொடுத்தால் போதும்.

பெல்ட் மெதுவாக ஓடினால் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பெரும்பாலும் அது தவறு. மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது வந்து சேரும் எண்ணெயின் அளவு. அழுத்தத்தை முடிவு செய்வது சுமை.

மோட்டார் ஒரு முழுச் சுற்று சுற்ற எவ்வளவு எண்ணெயை விழுங்குகிறதோ அதுவே அதன் பெயர்ச்சிக் கனஅளவு. பட்டறைகளில் இதைச் 'சிசி' கணக்கில் சொல்வார்கள். 400 சிசி மோட்டார் ஒரு சுற்றுக்கு 400 கன சென்டிமீட்டர், அதாவது 0.4 லிட்டர் எண்ணெய் கேட்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் அனுப்பினால், கசிவே இல்லாதபோது 100 சுற்று சுற்றும். அழுத்தம் இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை.

முறுக்குவிசைக்கு ஆற்றல் கணக்கு உதவும். ஒரு சுற்றில் எண்ணெய் கொடுக்கும் வேலை என்பது அழுத்த வேறுபாட்டைக் கனஅளவால் பெருக்கியது. தண்டு செய்யும் வேலை என்பது முறுக்குவிசையை 2π ஆல் பெருக்கியது. இரண்டையும் சமப்படுத்தி, பார், சிசி அலகுகளில் எழுதினால் வகுக்கும் எண் 62.8 ஆகிறது. கசிவையும் உராய்வையும் சேர்த்தால் சூத்திரங்கள் இவ்வாறு அமையும்:

```
n = 1000 × Q × ηv / D
T = D × Δp × ηm / 62.8
```

இங்கு n நிமிடச் சுற்று, Q நிமிடத்துக்கு லிட்டர், D சிசி, T நியூட்டன் மீட்டர். Δp என்பது மோட்டாரின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. ηv கசிவுக்கான திறன். Ηm உராய்வுக்கான திறன். நுழைவாயில் அழுத்தமானி காட்டும் எண்ணையே Δp எனக் கொள்வது மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. திரும்பும் குழாயிலுள்ள வடிகட்டி அடைத்து அங்கே 10 பார் நின்றால், அந்த 10 பாரைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 120 டன் ஜல்லியை 25 மீட்டர் நீளமுள்ள சாய்வுக் கன்வேயர் 7 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது எனக் கொள்க. பெல்ட் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு மீட்டர் பெல்ட்டிலும் சுமார் 22.2 கிலோ ஜல்லி இருக்கும். அதை மேலே தூக்க மட்டும் 22.2 × 7 × 9.81, அதாவது ஏறக்குறைய 1,525 நியூட்டன் இழுவிசை வேண்டும். தாங்கு உருளைகள், ஓரத் தடுப்பு ரப்பர், சுரண்டி ஆகியவற்றின் உராய்வைச் சேர்த்து மொத்தம் 2,500 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தலைமை உருளையின் விட்டம் 400 மில்லிமீட்டர், ஆரம் 0.2 மீட்டர். ஆகவே தேவையான முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர். பெல்ட் வேகத்தை உருளையின் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்துக்கு 71.6 சுற்று கிடைக்கும்.

முதலில் 315 சிசி மோட்டாரைப் பார்க்கலாம். உராய்வுத் திறன் 0.85, கசிவுத் திறன் 0.94 என்றால், ஓடும்போது Δp சுமார் 117 பார். எண்ணெய் நிமிடத்துக்கு 24 லிட்டர். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கன்வேயரைச் சோதிப்பது ஓட்டமல்ல, கிளம்புதல். ஜல்லி நிறைந்த நிலையில் நின்றுபோன பெல்ட்டைக் கிளப்ப ஒன்றரை மடங்கு, அதாவது 750 நியூட்டன் மீட்டர் வேண்டும் எனலாம். நின்ற நிலையில் மோட்டாரின் உள் உராய்வும் அதிகம்; திறன் 0.72 அளவுக்கு இறங்கினால் 208 பார் தேவைப்படும். ரிலீஃப் வால்வு 180 பாரில் திறக்கும்படி வைக்கப்பட்டிருந்தால், எண்ணெய் முழுவதும் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். பெல்ட் அசையாது; எண்ணெய் மட்டும் சூடேறும். வால்வை இறுக்கலாமே என்று தோன்றும். மோட்டாரின் கேட்டலாக்கில் உள்ள குறுநேர அழுத்த வரம்பைப் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது.

அதே வேலைக்கு 400 சிசி மோட்டார் என்றால் ஓடும்போது 92 பாரும் கிளம்பும்போது 164 பாரும் போதும். வால்வு அமைப்புக்குள் அடங்குகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. அதே 71.6 சுற்றுக்கு இப்போது நிமிடத்துக்கு 30.5 லிட்டர் வேண்டும். பழைய பம்பின் 24 லிட்டரையே கொடுத்தால் 56 சுற்றுதான் கிடைக்கும். பெல்ட் வேகம் நொடிக்கு 1.18 மீட்டராகக் குறையும். எனவே மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டுப் பம்பை மறப்பவர் ஒரு குறையை நீக்கி மற்றொன்றை வாங்குகிறார்.

பெல்ட் மெதுவானால் இன்னொன்றும் நிகழும். உடைப்பு இயந்திரம் அதே 120 டன்னைக் கொட்டிக்கொண்டே இருப்பதால், ஒரு மீட்டர் பெல்ட்டில் படியும் ஜல்லி கூடுகிறது. இழுவிசை கூடுகிறது, அதனுடன் அழுத்தமும் கூடுகிறது. தேய்ந்த மோட்டாரில் இது ஒரு சுழலாகவே மாறும். கசிவால் வேகம் குறையும். வேகக் குறைவால் சுமை ஏறும். ஏறிய அழுத்தம் கசிவை மேலும் பெருக்கும். காலையில் ஒழுங்காக ஓடிய பெல்ட் பிற்பகலில் தளர்வதும் இவ்வகையே. எண்ணெய் சூடாகி மெலிந்து, உள் இடைவெளிகள் வழியே எளிதில் நழுவுகிறது.

பழுது எங்கே என்று அறிய ஒரு சுற்றுமானியும் அழுத்தமானியும் போதும். 400 சிசி மோட்டார், 30.5 லிட்டர் அமைப்பில் வெற்றுப் பெல்ட்டை ஓட்டினால் கசிவு மிகக் குறைவு. எனவே வேகம் கணக்கின் மேல் எல்லையான 76 சுற்றை நெருங்க வேண்டும். வெறுமையாகவே 60 சுற்றுதான் வருகிறதென்றால் எண்ணெயே போதவில்லை. பம்பின் சுழல் வேகம், ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு, பம்பின் உறிஞ்சு குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெறுமையில் 75 சுற்று, சுமையில் 58 சுற்று என்றால் கதை வேறு. 58 சுற்றுக்கு 23.2 லிட்டர்தான் செலவாகியிருக்கிறது, மீதி 7.3 லிட்டர் வேலை செய்யாமல் நழுவியிருக்கிறது. அப்போது அழுத்தமானி ரிலீஃப் வால்வின் அமைப்புக்கு மிகக் கீழே, 107 பார் அளவில் நின்றால், வால்வு திறக்கவில்லை என்று பொருள். நழுவல் பெரும்பாலும் மோட்டாருக்குள்ளோ பம்புக்குள்ளோதான். மோட்டாருக்குத் தனி வடிகால் குழாய் இருந்தால் அதைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு வரும் எண்ணெயை அளவுக்குடுவையில் பிடித்துப் பார்க்கலாம். அதில் பல லிட்டர் வந்தால் மோட்டார் தேய்ந்திருக்கிறது. வரத்து சிறிதாக இருந்தாலும் மோட்டாரை உடனே விடுவிக்க முடியாது. சில வகை மோட்டார்களில் கசிவின் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே வெளிவாயிலுக்குப் போய்விடும். அப்போது பம்பின் வரத்தைச் சுமை அழுத்தத்திலேயே ஓட்டமானியால் அளந்துதான் முடிவுக்கு வர வேண்டும்.