முன்பதிவுப் படிவத்தின் ஆயுள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள ஊர் முள்ளிப்பட்டு. தறியோசை கேட்கும் இவ்வூரில் நெய்யப்படும் பட்டுச்சேலை, கடைக்காரர் வழியாகவோ கைப்பேசி வழியாகவோ வெளியூர் வாடிக்கையாளரைச் சென்றடைகிறது. சேலை போய்விடுகிறது, ஆனால் அதை வாங்கியவரைப் பற்றிய விவரங்கள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. அவை எங்கெங்கே தங்குகின்றன, எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை ஒரு முன்பதிவைப் பின்தொடர்ந்தே அறியலாம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒருவர் தம் மகளின் திருமணத்திற்காகப் பதினெட்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள சேலை ஒன்றை வாட்ஸ்ஆப் வழியே முன்பதிவு செய்வதாகக் கொள்ளலாம். கடைக்காரர் கேட்பது நிறம், கரை, முந்தானை வேலைப்பாடு ஆகியவற்றை மட்டும். வாடிக்கையாளரோ, பெயர், இரண்டு கைப்பேசி எண்கள், வீட்டு முகவரி, திருமண நாள், மணமகளின் ஒளிப்படம், இரவிக்கை அளவு என அனைத்தையும் அனுப்பிவிடுகிறார். சிலர், கேட்காமலேயே ஆதார் அட்டையின் படத்தையும் சேர்த்துவிடுவர். ஆதார் எண் இல்லாமலேயே சேலையைத் தறியில் ஏற்றலாம்; அஞ்சலிலும் அனுப்பலாம். ஆகவே, அதை ஏற்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. வந்துசேராத விவரத்தை எவரும் திருட இயலாது.

இனி அவ்விவரங்கள் செல்லும் வழிகளைக் காணலாம். கடைக்காரர் அவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறார். கணினியில் உள்ள விரிதாளில் ஏற்றுகிறார். நெசவாளருக்கு அச்செய்தியை அப்படியே அனுப்பிவிடுகிறார். ஒளிப்படங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பிலும், அதிலிருந்து இணையச் சேமிப்பிலும் தாமாகவே படிகின்றன. சேலை கூரியரில் செல்லும்போது, பெட்டியின் மேல் முகவரியும் எண்ணும் ஒட்டப்படுகின்றன. ஒரே முன்பதிவு ஆறேழு இடங்களில் உறைகிறது. இவற்றுள் தேவையற்றது நெசவாளருக்குச் செல்லும் படிதான். தறியில் அமர்பவருக்கு வேண்டியவை நிறமும் கரையும் நீளமும் மட்டுமே. எனவே முன்பதிவுக்கு ஓர் எண்ணை இட்டு, அந்த எண்ணும் வேலைப்பாட்டுக் குறிப்பும் உள்ள சிறு சீட்டை மட்டும் தறிக்கு அனுப்பினால் போதும். எண்ணுக்குரியவர் யார் என்பது கடையின் ஒரே பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலைக் கடவுச்சொல் இட்டுக் காத்தால், மற்ற இடங்களில் சிதறும் சீட்டுகளால் யாரையும் அடையாளம் காண முடியாது.

இவ்வளவு கவனம் தேவையா என்ற கேள்வி எழலாம். பெயர், சேலையின் நிறம், திருமண நாள் ஆகிய மூன்றும் தெரிந்த மோசடிக்காரர், “உங்கள் சேலைப் பெட்டி முகவரிப் பிழையால் நின்றுவிட்டது, ஐந்து ரூபாய் கட்டினால் வந்துவிடும்” என்று கூறி ஓர் இணைப்பை அனுப்பினால், திருமண வீட்டார் எளிதில் நம்பிவிடுவர். கேட்கப்படுவது ஐந்து ரூபாய். இழப்பதோ வங்கிக் கணக்கில் உள்ள பணம். இத்தகைய மோசடிக்கு ஆளானவர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிட வேண்டும். கடையிலிருந்துதான் விவரம் கசிந்ததா என்பதை அறிய ஓர் எளிய உத்தி உண்டு. பட்டியலில் கற்பனைப் பெயர் ஒன்றுடன், வேறு எங்கும் தராத தம் இரண்டாவது கைப்பேசி எண்ணைக் கடைக்காரர் சேர்த்துவைக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லி அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால், பட்டியல் வெளியே போயிற்று என்பது உறுதி.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. அதன் வழிவந்ததே 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இச்சட்டத்தின் முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் அறியும் வாய்ப்பை இச்சட்டம் வாடிக்கையாளருக்குத் தருகிறது. பெற்ற நோக்கம் நிறைவேறியபின், வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அவ்விவரத்தை அழித்தாக வேண்டும். தாளில் எழுதிய பதிவேட்டை இச்சட்டம் தொடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்த கணமே அது சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும்.

அழிக்கும் நாளைக் கணக்கிடுவதில்தான் பலர் தடுமாறுகின்றனர். ‘வரிக்காக எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும்’ என்பது கடைவீதியில் நிலவும் பொதுவான எண்ணம். வரிச்சட்டம் அவ்வாறு கூறவில்லை. கோயம்புத்தூர்ச் சேலை 2027 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டதாகக் கொண்டால், அது 2027-28 நிதியாண்டைச் சேரும். அவ்வாண்டின் ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாள் 2028 டிசம்பர் 31. அன்றிலிருந்து 72 மாதங்கள், அதாவது 2034 டிசம்பர் 31 வரை, சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி கணக்குகளைக் காக்க வேண்டும். காக்க வேண்டியது பட்டியலிட்ட ரசீதே அன்றி, மணமகளின் ஒளிப்படமோ இரவிக்கை அளவோ அன்று. மேலும், வரிப்பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் தரும் ரசீதில் பெயரும் முகவரியும் கட்டாயமில்லை. அவர் கேட்டால் மட்டும் எழுதலாம். ஆகவே பதினெட்டாயிரம் ரூபாய்ச் சேலையின் ரசீதை ஏழாண்டு காத்தாலும், வீட்டு முகவரி அதில் இருக்க வேண்டியதில்லை. எஞ்சிய விவரங்களுக்குத் தரவுப் பாதுகாப்பு விதிகள் குறைந்தது ஓராண்டு என எல்லை வகுத்துள்ளன. இதனால் கைப்பேசி எண், முகவரி, அளவு ஆகியவற்றை 2028 செப்டம்பரில் அழித்துவிடலாம். படிவத்தின் மேல்மூலையில் ‘அழிக்க: 9/2028’ என்று முன்பே எழுதிவைத்தால், பின்னர் நினைவுபடுத்திக் கொள்ள வேண்டியதில்லை.

அழித்தல் என்பது ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிவதில்லை. வாட்ஸ்ஆப் உரையாடலை நீக்கினாலும், படத்தொகுப்பில் சேர்ந்த படம் அங்கேயே இருக்கக்கூடும். படத்தொகுப்பில் நீக்கிய படமும் குப்பைத்தொட்டியில் பல நாள் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். கூகுள் விரிதாளில் ஒரு வரியை நீக்கினால், பழைய பதிப்புகளின் வரலாற்றில் அவ்வரி மீண்டும் தோன்றும். அதனால் தேவையான வரிகளை மட்டும் புதிய விரிதாளுக்கு மாற்றி, பழைய கோப்பையே முழுதும் நீக்குவது சிறந்தது. காப்புப்படி எடுத்த விரலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் அதுவே. கைப்பேசியை விற்கும்போது, படங்களை ஒவ்வொன்றாக நீக்குவது போதாது; தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்தபின் கொடுக்க வேண்டும். கூரியருக்குத் தந்த விவரத்தையும் நீக்குமாறு கேட்கும் பொறுப்பு கடைக்காரருடையது.

தாள்களின் கதை வேறு. பழைய பதிவேடுகள் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகின்றன. அங்கிருந்து கடலைப் பொட்டலமாகி ஊரெங்கும் பரவுகின்றன. முகவரியும் எண்ணும் தெளிவாகத் தெரியும் ஒரு பக்கத்தில் சுண்டல் வாங்கி உண்ணும் எவரும் அதைப் படிக்கலாம். பதிவேட்டின் பக்கங்களை நீரில் ஊறவைத்துப் பிசைந்துவிட்டாலோ, குறுக்கும் நெடுக்கும் கிழித்துவிட்டாலோ எழுத்து மீளாது. பெட்டியின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டை நீக்குவது வாங்குபவரின் வேலை. அதைச் செய்யுமாறு பெட்டியின் உட்புறத்தில் ஒரு வரி அச்சிட்டு அனுப்பலாம்.