பெட்டிக்குள் எத்தனை பேர்?

மருத்துவ ஆய்வொன்றில் சேர வந்தவர்கள் எல்லோரும் கடைசிக் கணக்கில் இருப்பதில்லை. சிலருக்குத் தகுதி இராது, சிலர் மறுத்துவிடுவார்கள், சிலர் பாதியில் வராமல் நின்றுவிடுவார்கள். யார் எந்தக் கட்டத்தில், எதனால் விலகினார்கள் என்பதைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் ஓட்டப்படத்தை, 1996-இல் வெளியான கன்சார்ட் வழிகாட்டுதல் கேட்கத் தொடங்கியது. அந்தப் படமும் கட்டுரையின் உரையும் அட்டவணைகளும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்.

2020 டிசம்பரில் வெளியான ஃபைசர்-பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசி ஆய்வைப் பார்க்கலாம். குலுக்கல் முறையில் குழு பிரிக்கப்பட்டவர்கள் 43,548 பேர். அவர்களில் 100 பேர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, மீதி 43,448. தடுப்பூசி பெற்றவர்கள் 21,720, மருந்தில்லாத ஊசி பெற்றவர்கள் 21,728. கூட்டினால் சரியாக வருகிறது.

ஆனால் பலனைச் சொல்லும் இடத்தில் 36,523 பேர்தான் இருக்கிறார்கள். முதன்மைக் கணக்கு, முன்பு தொற்று ஏற்பட்டதற்கான அடையாளம் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர்களில் தடுப்பூசிக் குழுவில் 8 பேருக்கும் மற்றதில் 162 பேருக்கும் நோய் வந்தது. அந்த அடையாளம் இருந்தவர்களையும் சேர்த்த இன்னொரு கணக்கில் மொத்தம் 40,137 பேர். நோய் கண்டவர்கள் 9, 169. இரண்டும் சரியே. எந்தக் கணக்கில் யார் என்று அட்டவணை தலைப்பிலேயே சொன்னால்தான் வாசகர் ஒன்றை இன்னொன்றின் பிழையாக நினைக்கமாட்டார்.

பிசகு பெரும்பாலும் விலக்கல் பெட்டியில்தான் நுழைகிறது. 412 பேரைப் பரிசீலித்து 172 பேரை விலக்கியதாக வைத்துக்கொள்வோம். தகுதியில்லாதவர் 105, மறுத்தவர் 53, பிற காரணம் 23 என்று எழுதினால் கூட்டுத்தொகை 181. கூடுதலான 9 பேர் எங்கிருந்து வந்தார்கள்? தகுதியும் இல்லாமல், மறுத்தும் இருந்த 9 பேர் இரண்டு வரியிலும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். எந்தக் காரணத்தை முதலில் கொள்வது என்று முன்கூட்டியே வரிசை வகுத்து, ஒருவரை ஒரே இடத்தில் எண்ணுவதே நல்ல வழி. இல்லையென்றால், ஒருவருக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்ற குறிப்பைப் பெட்டியின் கீழ் எழுதிவிட வேண்டும்.

இன்னொரு பிசகை விழுக்காடு காட்டிக்கொடுக்கும். குழுவில் 120 பேர் இருந்து, 9 பேர் தொடர்பில் இல்லாமல் போக, 111 பேர் பகுப்பாய்வில் இருப்பதாக ஓட்டப்படம் சொல்கிறது. அட்டவணையிலோ குணமானவர்கள் 45 பேர், 37.5 விழுக்காடு. 45-ஐ 111-ஆல் வகுத்தால் 40.5 வரும், 37.5 வர 120-ஆல் வகுக்க வேண்டும். அப்படியானால் காணாமல் போன 9 பேரும் குணமாகாதவர்களாகவே எண்ணப்பட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு முறைதான், ஆனால் எங்கும் சொல்லப்படவில்லை.

கட்டுரையை அனுப்பும் முன், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் விலகியவர்களைக் கழித்து அடுத்த பெட்டி வருகிறதா என்று பாருங்கள். அட்டவணையின் ஒவ்வொரு விழுக்காட்டையும் அதன் மொத்த எண்ணிக்கையால் திரும்பக் கணக்கிடுங்கள்.