உறையின் மேல் எழுத வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும், விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்பினாலே ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்த பிறகுதான் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும். மாணவர் கையிலுள்ள அசல் பட்டியல் அதற்கு உதவாது. படித்த பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து அது நேராகப் போக வேண்டும்.

அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடுபவருக்குப் பெயரைவிடப் பதிவெண்தான் முக்கியம். அதோடு கல்லூரி, பாடப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் வேண்டும். அரியர் எழுதித் தேறியவர்கள் கடைசித் தாளில் தேறிய மாதத்தையே குறிப்பிட வேண்டும். எல்லா செமஸ்டர் பட்டியல்களின் நகலையும் விண்ணப்பத்துடன் இணைத்தால் வேலை எளிதாகும்.

நம்மவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா எஸ்’ என்றிருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து, ‘கவிதா செல்வராஜ்’ ஆகியிருக்கும். வெளிநாட்டில் விண்ணப்பித்ததும் அந்தப் பெயரில்தான். அங்கே உறையைப் பிரிப்பவருக்கு ‘எஸ்’ என்பது செல்வராஜ் என்று தெரிய வழியில்லை. டிரான்ஸ்கிரிப்டில் பட்டியலில் உள்ள பெயரே அச்சாகும். அதை மாற்றச் சொல்லிப் பயனில்லை. ஆகவே அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் பெயரையும் உறையின் மேல் எழுதும்படி, கோரிக்கைக் கடிதத்திலேயே தெளிவாகக் கேட்க வேண்டும். விண்ணப்ப எண் இல்லாத உறை, யாருடையது என்று தெரியாமல் அங்கேயே கிடந்துவிடும்.

முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தச் சேர்க்கை அலுவலகம், எந்தக் கட்டடம், அஞ்சல் குறியீடு, கூரியர்காரர் கேட்கும் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால், அது பல்கலைக்கழகத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். அலுவலர் தம் ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் பல இடங்களில் நிராகரித்துவிடுவார்கள்.

ஒட்டிய வாயின் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த உறையைச் சரிபார்க்கவென்று பிரித்தாலும் அது செல்லாததாகிவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க, நமக்கென்று ஒரு பிரதி கூடுதலாகக் கேட்டுப் பணம் கட்டிவிடுவது நல்லது. பட்டம் வழங்கப்பட்டதற்கான சான்றும் தேவையா என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். தேவையென்றால், சான்றொப்பமிட்ட பட்டச் சான்றிதழ் நகலையும் அதே உறையில் வைக்கச் சொல்லலாம்.

கூரியர் சேர்ந்துவிட்டதாகக் காட்டும். விண்ணப்பப் பக்கத்திலோ இன்னும் வரவில்லை என்றே இருக்கும். ஒன்றிரண்டு வாரம் பொறுத்தும் மாறவில்லையென்றால், கூரியர் எண், ஒப்படைக்கப்பட்ட தேதி, விண்ணப்ப எண், இரண்டு பெயர்கள் ஆகியவற்றை எழுதிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.